தபாவ்? டப்பா!

முருகனுக்குத் தண்ணீர்மலை போதும், பாட்டில்மலை வேண்டாம்!

தைப்பூசத்துக்கு முன்பு நடந்த பள்ளி ஊர்வலத்தில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தூக்கி வந்த மணிலா அட்டையில் இருந்த வரி இது. படித்ததும் நடுரோட்டில் நின்று கைதட்டிவிட்டேன்! 513 படி ஏறுகிற கூட்டமும் தண்ணீர்ப் பந்தல்களும் விட்டுப்போகிற பாட்டிலும் கப்பும் எவ்வளவு என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 'பாட்டில் வீசாதே' என்று எழுதியிருந்தால், வீசுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். இந்த வரி யாரையும் திட்டவில்லை. முருகனுக்காகப் பரிந்து பேசுகிறது, அவ்வளவுதான்.

குரங்கு அட்டையும் அப்படித்தான். பையன்கள் முதலில் எழுதியது, 'குப்பை போடுகிறவன் குரங்கு'. சிரிப்பு வரும்தான், ஆனால் படிக்கிறவர் மனம் புண்படும். பாவம், குரங்கு என்ன செய்தது? பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் குரங்குகளுக்கு ஜனங்கள் தின்பண்டம் நீட்டுவது டீச்சருக்கு நினைவு வந்தது. பேனாவைக் குரங்கு கையில் கொடுத்துவிட்டார்: 'அண்ணே, அக்கா! சிப்ஸ் வேண்டாம். மரத்திலேயே எனக்குச் சாப்பாடு இருக்கு. இப்படிக்கு, குரங்கு.' அதைப் படித்த ஒருவர் பிரித்த பாக்கெட்டைச் சிரித்துக்கொண்டே பைக்குள் போட்டார். என் கண்ணால் பார்த்தேன்!

'நெகிழிக்கு அரோகரா!' என்றும் ஒன்று இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த வரி. பக்தர்கள் உருகிச் சொல்லும் சொல்லைக் கேலிக்கு இழுக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அதை விட்டுவிட்டார்கள். சரிதான், காவடிப் பாதையில் அது பொருந்தாது.

கோஷத்துக்குத்தான் முதல் பரிசு. முன்னால் போகிறவன் "தபாவ்?" என்று கேட்பான். பின்னால் மொத்தக் கூட்டமும் "டப்பா!" என்று அலறும். கடையில் சோறு கட்டி வாங்கப் போனால் வீட்டு டப்பாவைக் கொண்டுபோ என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? திங்கட்கிழமைகளில் இலவசப் பிளாஸ்டிக் பையை 2009-லேயே நிறுத்தி, 2011 முதல் எல்லா நாளும் நிறுத்திய மாநிலம் இது. பை இல்லாமல் கடைக்குப் போய் 20 காசு கொடுத்துப் பழகிய அம்மாக்களும் கூடவே கத்தினார்கள்.

எழுத்து அளவையும் பாராட்டியே ஆக வேண்டும். மூன்று அங்குல உயரத்தில் எழுதினால் முப்பது அடியில் நிற்கிறவர் சிரமமில்லாமல் படிக்கலாம். ஆனால் அந்த அளவில் மணிலா அட்டையில் வரிக்கு எட்டொன்பது எழுத்துதான் நிற்கும். அதனால் 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' போன்ற நீளச் சொற்கள் தாமாகவே கழன்றுவிட்டன. முருகன் வரி நான்கு வரியாக மடங்கி அழகாக உட்கார்ந்தது. குரங்குக் கடிதம் மட்டும் பொடி எழுத்து, அதனால் அதை நடக்கவிடாமல் பூங்கா வாசலில் நிறுத்திவைத்தார்கள்.

அடுத்த ஊர்வலத்துக்கு எழுதப்போகிற டீச்சர்களே, அட்டையில் மை தொடுவதற்கு முன் வரியை வீட்டுப் பாட்டியிடம் வாசித்துக் காட்டுங்கள். பாட்டி சிரித்தால் தூக்கிக்கொண்டு நடங்கள். முகம் சுளித்தால் வேறு வரி யோசியுங்கள்.