கடைசித் தவணைக்குப் பின்னும் மிஞ்சும் பதிவு

வாகனக் கடனின் கடைசித் தவணையைக் கட்டியதும் வங்கியில் கணக்கு முடிந்துவிடும். ஆனால் ஆர்.சி.யில் ஏறிய வங்கியின் பெயர் அதோடு போய்விடாது. கடன் வாங்கியவரே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு விண்ணப்பித்து அதை நீக்க வேண்டும். பெயரை ஏற்றும்போது வாகன விற்பனையாளரும் வங்கியும் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறார்கள். நீக்கும் வேலை மட்டும் உரிமையாளர் தலையில் விழுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு நியாயமான காரணம் உண்டு. அந்தக் காரணம் எதுவரை செல்லும் என்பதே கேள்வி.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 51ஆவது பிரிவு இந்தப் பதிவுக்கு அடிப்படை. ஹைப்பாதிகேஷன் கடனில் பிணையாக இருக்கும் வண்டி கடன் வாங்கியவரிடமே இருக்கும். அவரே பதிவு பெற்ற உரிமையாளர், ஓட்டலாம், சம்பாதிக்கலாம். வங்கிக்குக் கைவசம் எதுவும் இல்லை, ஆர்.சி.யில் உள்ள அந்த ஒரு வரிதான் காவல். அந்த வரி இருக்கும்வரை, வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. தவணை தவறி வண்டியைப் பறிமுதல் செய்தால், வங்கி தன் பெயரிலேயே புதிய ஆர்.சி. கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வீட்டை அடகு வைக்காமல் ஒரு டிரைவர் வண்டி வாங்க முடிவதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

இவ்வளவு வலுவான வரியை எளிதில் அழிக்க முடியக் கூடாது என்பது சரிதான். அதனால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 61ஆவது விதி, படிவம் 35இல் உரிமையாளர், கடன் கொடுத்தவர் ஆகிய இருவரின் கையொப்பத்தையும் கேட்கிறது. அதோடு ஆர்.சி.யையும் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் வங்கியின் என்.ஓ.சி.யையும் கேட்பார்கள். போலி என்.ஓ.சி. தயாரித்து, கடன் பாக்கியுள்ள காரை விற்றுவிடும் மோசடியை இந்த இரட்டைக் கையொப்பம் ஓரளவு தடுக்கிறது. வாங்குபவருக்கும் இது பாதுகாப்பு: பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் கடன் இருப்பது தெரிந்துவிடும். 2021 மார்ச்சில் ஆதார் சரிபார்ப்புடன் இணையவழிக்கு வந்த 18 சேவைகளில் இந்த நீக்கமும் ஒன்று. ஆகவே நடைமுறையின் நோக்கத்தில் பிழை இல்லை. அதை நிறைவேற்றும் விதத்தில்தான் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன.

முதல் ஓட்டை, பதிவுக்கு முடிவு நாள் கிடையாது என்பது. ஐந்தாண்டுக் கடன் என்பது வங்கிக்குத் தெரியும், ஆர்.சி.க்குத் தெரியாது. உரிமையாளர் மறந்தால் பதிவு பத்து ஆண்டுகள் ஆனாலும் அப்படியே கிடக்கும். அதன் விளைவு வேறோர் இடத்தில் வெளிப்படுகிறது. வண்டி திருடுபோய், இன்சூரன்ஸ் முழுத் தொகை கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியிலும் வங்கியின் பெயர் இருக்கும். பழுது பார்த்துத் தீர்க்க முடியாத இழப்புக்கான தொகை கடன் கொடுத்தவருக்கே முதலில் போக வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. கடன் தீர்ந்ததற்கான சான்று வரும்வரை இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தை விடாது. ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்கியவர்கள்கூடப் பாலிசியில் அதை நீக்க மறந்துவிடுவதுண்டு. இரண்டும் தனித்தனி வேலைகள்.

காலம் கடக்கும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது: கடன் கொடுத்தவரே இல்லாமல் போகலாம். கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது, 2019 ஏப்ரலில் விஜயா வங்கியும் தேனா வங்கியும் பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்தன. பழைய பெயர் தாங்கிய ஆர்.சி.க்குப் புதிய வங்கியிடமிருந்து என்.ஓ.சி. வாங்கி, இணைப்பு நடந்ததையும் காட்ட வேண்டும். வங்கி என்றால் வாரிசு நிறுவனம் ஒன்று இருக்கும். நாலைந்து பங்குதாரர்கள் சேர்ந்து நடத்திய உள்ளூர் ஃபைனான்ஸ் மூடிவிட்டால், படிவம் 35இல் கையெழுத்துப் போட ஆளைத் தேடி அலைய வேண்டியதுதான்.

இரண்டாவது ஓட்டை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பெர்மிட் புதுப்பிக்கவோ, ஆர்.சி. நகல் வாங்கவோ, முகவரி மாற்றவோ கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி. வேண்டும். விண்ணப்பித்து ஏழு நாளுக்குள் அவர் அதைத் தராமலும், மறுத்ததற்கான காரணத்தை எழுதித் தெரிவிக்காமலும் இருந்தால், என்.ஓ.சி. தரப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது 51ஆவது பிரிவு. கடன் பாக்கி இருக்கும்போதே இந்தச் சலுகை. கடனை முழுவதும் தீர்த்தவர் பதிவை நீக்கக் கேட்கும்போது அப்படி எந்தக் கெடுவும் இல்லை. கடன் கொடுத்தவர் மௌனமாக இருந்தால் பதிவும் அசையாது. வேறொரு கடனில் பாக்கி இருக்கிறது, நண்பரின் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி என்.ஓ.சி.யைப் பிடித்து வைக்க இந்த மௌனம் வசதியாகிறது.

இந்த இடைவெளியை ரிசர்வ் வங்கி பாதி அடைத்தது. 2023 செப்டம்பர் 13 அன்று வந்த உத்தரவின்படி, கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான பிணையையும் நீக்க வேண்டும். தன் தவறால் தாமதித்தால் கடன் கொடுத்த நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் சொந்தக் காரின் கடனை 2024 மார்ச் 5இல் முடிக்கிறார். ஏப்ரல் 4க்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். வங்கியின் தவறால் என்.ஓ.சி.யும் படிவமும் ஏப்ரல் 24இல்தான் கிடைக்கின்றன. இருபது நாள் தாமதம். இழப்பீடு ஒரு லட்சம் ரூபாய். அதே நாளில், அதே நிறுவனத்தில் சரக்கு வேன் கடனை முடித்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு ரூபாயும் இல்லை. உத்தரவு தனிநபர் கடன்களுக்கு மட்டுமே. தொழிலுக்காக வாங்கிய வாகனக் கடன் அந்த வரையறைக்குள் வராது. வண்டியை விற்றோ மாற்றியோ பிழைக்க வேண்டிய தேவை அதிகம் உள்ளவர் வெளியே நிற்கிறார். உள்ளே இருப்பவருக்கும் ஒரு மூலை இருட்டாக இருக்கிறது. பிணைப் பதிவை நீக்க வேண்டும் என்று உத்தரவு சொல்கிறது. மோட்டார் வாகன விதியோ விண்ணப்பத்தை உரிமையாளரிடம் விடுகிறது. என்.ஓ.சி. கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று வங்கி சொல்லலாம்.

அப்படியானால் ஏழு நாள் விதியை நீக்கத்துக்கும் நீட்டிவிடலாமா? அப்படியே நீட்டினால் ஆபத்து. பெர்மிட் என்.ஓ.சி.யில் கடன் கொடுத்தவர் அசட்டையாக இருந்தாலும் பிணை அவர் கையை விட்டுப் போவதில்லை, இங்கே போய்விடும். பாக்கி வைத்திருப்பவர் கடன் கொடுத்தவரின் ஒரு வார அசட்டையைப் பயன்படுத்திக்கொள்வார். ஆனால் விண்ணப்பத்தோடு வங்கியே கொடுத்த, கடன் பாக்கி இல்லை என்று காட்டும் கணக்கு அறிக்கையை வைத்தால், மௌனத்தை ஒப்புதலாகக் கொள்வதில் அநியாயம் இல்லை. அறிக்கையை ஆர்.டி.ஓ. நேரடியாக வங்கிக்கு அனுப்பிச் சரிபார்த்து, முப்பது நாள் காத்திருந்து பதிவை நீக்கலாம். அதைவிட நேரான வழி, கணக்கை முடிக்கும் நிறுவனமே வாகன் தளத்தில் நீக்கத்தைத் தொடங்க வேண்டும் என்று விதி 61ஐத் திருத்துவது. கடன் தீர்ந்ததை முதலில் அறிவது கடன் கொடுத்தவர்தான். அந்தத் தகவலைச் சொல்லும் பொறுப்பும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

விதி மாறும்வரை உரிமையாளருக்கு மூன்று வேலைகள் உண்டு. பல என்.ஓ.சி.க்களில் 90 நாள் கெடு அச்சிடப்பட்டிருக்கும். அதற்குள் படிவம் 35ஐக் கொடுத்துவிட வேண்டும். புதிய ஆர்.சி. கையில் வந்தாலும், தளத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். வண்டியை வாங்க வருபவர் பார்ப்பது அதைத்தான். பிறகு ஆர்.சி. நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பிப் பாலிசியையும் திருத்த வேண்டும். மூன்றாவதும் முடிந்தால்தான் கடன் முடிந்தது.