ஆர்.ஐ.பி. டிக் போட்டாச்சு, அப்புறம்?

நெஞ்சு எக்ஸ்ரே பற்றிய மாணவர் கையேடுகளில் முதல் பக்கத்திலேயே ஆர்.ஐ.பி. வந்துவிடும்: ரொட்டேஷன், இன்ஸ்பிரேஷன், பெனட்ரேஷன். மூன்றுக்கும் ஒவ்வொரு வரி, பக்கத்தில் ஒரு டிக். டிக் விழாவிட்டால் "ஃபிலிம் சரியில்லை". அதோடு பாடம் முடிஞ்சுது. எனக்கு இதில்தான் குறை. ஃபிலிம் சரியில்லை என்பது ஒரு முடிவே இல்லை. இந்தக் குறை எதை எந்தப் பக்கம் பொய்யாகக் காட்டும் என்பதுதான் கேள்வி. அதைக் கையேடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

ரொட்டேஷனை எடுத்துக்கொள்வோம். இரண்டு காரை எலும்புகளின் உள்முனைகளும் நடுவில் இருக்கும் ஸ்பைனஸ் ப்ராசஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கணும். இது ஏன் வேலை செய்கிறது? காரை எலும்பு முனை உடம்பின் முன்பக்கம், ஸ்பைனஸ் ப்ராசஸ் பின்பக்கம். ஆள் திரும்பினால் முன்னால் இருப்பது திரும்பிய பக்கமாகப் போகும், பின்னால் இருப்பது எதிர்ப்பக்கம் போகும். ஆகவே இடைவெளி எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் ஆள் திரும்பியிருக்கிறார்.

ஒரு ஃபிலிமைக் கற்பனை செய்து பாருங்கள். இடது முனைக்கும் ஸ்பைனஸ் ப்ராசஸுக்கும் 1 செ.மீ., வலது முனைக்கு 3 செ.மீ. ஆள் தன் வலப்பக்கம் திரும்பியிருக்கிறார். இரண்டு முனைகளுக்கும் நடுப்புள்ளி, ஸ்பைனஸ் ப்ராசஸிலிருந்து 1 செ.மீ. வலப்பக்கம் விழுகிறது. மூச்சுக்குழாய் முன்பின் ஆழத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது. அதனால் திரும்பினதால் மட்டும் அது நகர்ந்திருந்தால், ஸ்பைனஸ் ப்ராசஸுக்கும் அந்த நடுப்புள்ளிக்கும் இடையில்தான் எங்கோ தெரியணும். அங்கே இருந்தால், "மூச்சுக்குழாய் வலப்பக்கம் தள்ளியிருக்கு" என்று எழுதக்கூடாது. அதே ஃபிலிமில் மூச்சுக்குழாய் இடப்பக்கம் இழுபட்டிருந்தால்? ரொட்டேஷன் அதைச் செய்யவே முடியாது. இடது மேல் லோப் சுருங்கியிருக்கலாம், பழைய காசநோய்த் தழும்பு இழுத்திருக்கலாம். டிக் விழாத ஃபிலிமிலேயே, நேராக எடுத்த ஃபிலிமைவிட உறுதியாக ஒரு விஷயம் சொல்ல முடிகிறது!

ஒரு நுரையீரல் மற்றதைவிடக் கறுப்பாகத் தெரிவதும் இப்படித்தான். திரும்பின உடம்பில் கதிர்கள் இரு பக்கமும் வெவ்வேறு தடிமன் சதையைக் கடக்கின்றன. நுரையீரலுக்கு வெளியே, அக்குள் பக்கச் சதையும் அதே பக்கம் கறுப்பாக இருந்தால் முதலில் ரொட்டேஷனைச் சந்தேகியுங்கள். சதை இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்து நுரையீரல் மட்டும் கறுத்திருந்தால், நியூமோதோராக்ஸ் மாதிரி காரணங்களைத் தேடணும். முதுகே கோணலாக இருப்பவருக்கு ஸ்பைனஸ் ப்ராசஸே திரும்பியிருக்கும். அவருக்கு இந்தக் காரை எலும்புக் கணக்கு செல்லாது.

இன்ஸ்பிரேஷனிலும் இதே நியாயம்தான். வலது உதரவிதானத்துக்கு மேல் முன்பக்க விலா எலும்பு 5 அல்லது 6 தெரியணும் என்பார்கள். 4 தான் தெரிகிறது என்றால் இதயம் பெரிதாகத் தெரியும், அடிப்பகுதி ரத்தக்குழாய்கள் நெருங்கி வெள்ளைப் படலம் மாதிரி இருக்கும். அங்கே பெரிய இதயத்தை நம்பாதீர்கள். ஆனால் 4 எலும்புதான் தெரிகிற ஃபிலிமிலும் இதயம் சின்னதாகவே இருந்தால், அது பெரிதாகலை என்று தைரியமாகச் சொல்லலாம். இன்னொன்று: எண்ணிக்கை குறைந்தால் ஆள் மூச்சை இழுக்கலைன்னு மட்டும் அர்த்தம் இல்லை. வயிற்றில் நீர், நுரையீரல் ஃபைப்ரோசிஸ் இரண்டும் அதே எண்ணிக்கையைத் தரும்.

பெனட்ரேஷன் வரிதான் ரொம்பப் பழசாகிப் போனது. இதயத்துக்குப் பின்னால் முள்ளெலும்புகள் லேசாகத் தெரியணும் என்பது ஃபிலிம் காலத்து விதி. இன்றைய டிஜிட்டல் கருவி வெளிச்சத்தைத் தானே சமன்படுத்திவிடும். கதிர் குறைந்ததைப் படம் வெளுப்பாகக் காட்டாது, பொரிப்பொரியாகக் காட்டும். கதிர் கூடினதோ பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் விதியைத் தூக்கிப் போட வேண்டாம், கேள்வியை மாற்றினால் போதும்: இதயத்துக்குப் பின்னால் என்னால் பார்க்க முடிகிறதா? முள்ளெலும்பு தெரிகிறது, ஆனால் இடது உதரவிதானத்தின் கோடு இதயத்துக்குப் பின்னால் காணாமல் போகிறது என்றால், கீழ் லோபில் நோய் இருக்கலாம். இரண்டுமே தெரியலைன்னா ஜன்னல் அளவை மாற்றிப் பாருங்கள். அப்பவும் தெரியாவிட்டால், அந்த இடத்தைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லாதீர்கள்.

ரிப்போர்ட்டில் "ரொட்டேட்டட் ஃபிலிம்" என்று மொட்டையாக எழுதுவதைவிட, "வலப்பக்கம் திரும்பியது, மூச்சுக்குழாயின் வலப்பக்க நகர்வைக் கணக்கில் எடுக்கவில்லை" என்று எழுதினால் படிக்கிற டாக்டருக்கு உதவும்.