சமயச் சொற்களும் தலைவர் பற்றும்: வேற்றுமை உருபு காட்டும் வேறுபாடு

திரைப்பட ரசிகரையும் கட்சித் தொண்டரையும் பற்றிய ஆய்வுகளில் ‘பக்தர்’, ‘வழிபாடு’ போன்ற சமயச் சொற்கள் மிகுதியாகப் பயில்கின்றன. இவை விளக்கம் தருகின்றனவா, விளக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றனவா என்பதை எம்.ஜி.ஆர். தொடர்பான இரு நிகழ்வுகளைக் கொண்டு ஆராயலாம்.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயுற்றுச் சென்னையிலும் பின்னர் நியூயார்க்கிலும் சிகிச்சை பெற்றார். அப்போது தமிழகமெங்கும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் மசூதிகளிலும் அவருக்காக வேண்டுதல்கள் நடைபெற்றன. இதனை அவரைத் தெய்வமாக்கிய வழிபாடு என்று கூறுவோர் ‘வேண்டு’ என்னும் வினையின் அமைப்பைக் கவனிப்பதில்லை. வேண்டப்படுபவர் இரண்டாம் வேற்றுமை ஏற்பார். பயன் பெறுபவர் நான்காம் வேற்றுமையோடு ‘ஆக’ ஏற்பார். ‘எம்.ஜி.ஆருக்காக முருகனை வேண்டினர்’ என்னும் தொடரில் தலைவர் தெய்வத்தின் இடத்தில் இல்லை. நோயுற்ற பிள்ளைக்காகத் தாய் வேண்டும்போது பிள்ளை பெறும் இடத்திலேயே இருக்கிறார். 2016இல் ஜெயலலிதா நலம்பெற எடுக்கப்பட்ட பால்குடங்களும் கோயிலுக்கே சென்றன.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது ஆடவர் பலர் மொட்டையடித்துக் கொண்டனர். இதனையும் சமயச் சடங்காகக் கொள்வது எளிது. ஆனால் முடி காணிக்கை வேறு, தந்தைக்கு மகன் தலை மழிப்பது வேறு. இங்கு நிகழ்ந்தது இரண்டாவது. எனவே இதற்கு உரிய சொற்களம் பக்தி அன்று, உறவுமுறை.

இதனால் சமயச் சொல் எங்கும் பொருந்தாது என்பது முடிவன்று. வெளியீட்டு நாளில் நடிகரின் உருவப்பலகைக்குப் பால் ஊற்றுவோர் தாமே அதனைப் ‘பாலாபிஷேகம்’ என்கின்றனர். அச்சொல்லை ஆய்வாளர் ஏற்றே ஆகவேண்டும். எனினும் அபிஷேகம் கோயிலுக்கு மட்டும் உரியதன்று; ‘பட்டாபிஷேகம்’ அரசனுக்கு உரியது. ‘கோயில்’ அரசன் இல்லத்தையும், ‘இறை’ அரசனையும் அவன் பெறும் வரியையும் குறித்தன. ஆகவே தமிழில் சமயத்திலிருந்து அரசியலுக்குச் சொல் கடன் சென்றது என்னும் ஒருவழிக் கருத்தே ஐயத்திற்குரியது. ‘போலிச் சமயம்’ என்னும் வகைப்பாடு அந்த ஒருவழிப் போக்கை மெய்ப்பிக்காமலே ஏற்றுக்கொள்கிறது.

வேற்றுமைச் சோதனைக்கும் எல்லை உண்டு. வீட்டில் தெய்வப் படங்களின் வரிசையில் தலைவர் படத்தை மாட்டி, ஒன்றும் சொல்லாமல் மாலையிடும் செயலில் உருபு இல்லை. அங்கு செய்பவரிடமே கேட்டறிய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க நெறி இதுவே: பேசுபவர் ‘பக்தன்’ என்றால் ஆங்கிலத்தில் அதற்கு நேரான சமயச் சொல்லைத் தரலாம், ‘ரசிகன்’, ‘தொண்டன்’ என்றால் அச்சொல்லைத் தருவது, பேசுபவர் சொல்லாத ஒரு முடிவை அவர் வாயில் வைப்பதாகும்.