52 வார உச்சமும் தாழ்வும்: அந்தக் கோடு சொல்வதும் மறைப்பதும்

திருவண்ணாமலை தேரடித் தெருவில் மதிய வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் கைபேசியில் பங்கு விலை பார்க்கும் கடைக்காரர்களுக்கு அந்தச் சின்னக் கோடு பழக்கமானது. இடது முனையில் 52 வாரத் தாழ்வு, வலது முனையில் 52 வார உச்சம், நடுவே இன்றைய விலைக்கு ஒரு புள்ளி. புள்ளி இடப்பக்கம் ஒட்டியிருந்தால் சல்லிசு என்று வாங்குவார்கள். வலப்பக்கம் போயிருந்தால் ஏறிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். சந்தையின் அனுபவம் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது.

கணக்கு எளிது. உச்சம் 500 ரூபாய், தாழ்வு 300, இன்றைய விலை 450 என்றால், பங்கு உச்சத்திலிருந்து 10 சதவீதம் கீழே, தாழ்விலிருந்து 50 சதவீதம் மேலே இருக்கிறது. இதில் முதல் எண்ணுக்குத்தான் ஆராய்ச்சியின் பலம் அதிகம். ஜார்ஜ், ஹுவாங் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து 2004இல் எழுதிய கட்டுரையில், உச்சத்தை ஒட்டி நிற்கும் பங்குகள், உச்சத்திலிருந்து வெகுதூரம் இறங்கியவற்றைவிடச் சராசரியில் நல்ல லாபம் தந்ததைக் காட்டினார்கள். காரணமும் சொன்னார்கள். நல்ல செய்தி வந்தாலும், பழைய உச்சத்தை மனதில் வைத்திருப்பவர்கள் அதற்கு மேல் கொடுக்கத் தயங்குகிறார்கள். அதனால் செய்தியின் முழு மதிப்பும் விலையில் ஏற நாளாகிறது. சென்னையின் எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டபோது, இனி எங்கே ஏறும் என்று கேட்டவர்கள் பலர். 2024 ஜனவரியில் அது ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. ஒரு பங்கின் கதை சான்றாகாது என்பதும் உண்மை. உச்சம் தொட்ட பிறகு சரிந்த பங்குகளும் ஏராளம். சராசரிக்குத்தான் அந்த முடிவு பொருந்தும், தனிப் பங்குக்கு உத்தரவாதம் இல்லை.

தாழ்வுப் பக்கம்தான் ஆபத்தானது. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் பங்கு 2017இல் 150 ரூபாய்க்கு மேல் விற்றது. பிறகு வாராக்கடன் பெருகி விலை இறங்கிக்கொண்டே போனது. வழியில் ஒவ்வொரு புதிய தாழ்வும், அன்று பார்த்தவருக்கு இதற்குக் கீழே போகாது என்றே தோன்றியிருக்கும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்தது. 2020 நவம்பர் 17 அன்று, பங்கு 15 ரூபாயை ஒட்டி இருந்தபோது, பணம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த நாட்களில் லோயர் சர்க்யூட்டில் விழுந்து 10 ரூபாய்க்கும் கீழே போனது. நவம்பர் 27இல் வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைந்தது. வைப்புத்தொகை தப்பியது. பங்கு மூலதனம் முழுக்க அழிக்கப்பட்டதால் பங்குதாரர்களுக்கு ஒரு காசும் இல்லை.

இந்த வங்கியின் கதையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2020இல் கோட்டின் வலது முனையில் 2017இன் விலை இல்லை. அது 52 வாரத்துக்கு முன்பே கணக்கைவிட்டு வெளியேறிவிட்டது. பல ஆண்டுகள் இறங்கும் பங்கில் உச்சமும் கூடவே இறங்கி வரும். உச்சத்துக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் பங்கு தேறிவிட்டது போலத் தெரியும், விலையோ எழுந்தே இருக்காது. சல்லிசா இல்லையா என்பதை அந்த வங்கியில் வாராக்கடனும் மூலதனமும்தான் சொல்லியிருக்க முடியும். அந்த எண்கள் காலாண்டு அறிக்கைகளில் வெளிப்படையாகவே இருந்தன.

தாழ்வு முனையும் இப்படி நகரும். நிஃப்டி 2020 மார்ச் 24 அன்று 7,511 வரை இறங்கியது. சரியாக ஓராண்டு கழித்து 14,500ஐ ஒட்டி இருந்தது, அதாவது தாழ்விலிருந்து 93 சதவீதம் மேலே. 2021 ஏப்ரல் 23 அன்றும் அது 14,300க்கு மேல்தான். ஆனால் பழைய தாழ்வு கணக்கைவிட்டுப் போய், 2020 மே மாதத்தின் சுமார் 8,800 புதிய தாழ்வாகியிருந்தது. 93 சதவீதம் ஒரே மாதத்தில் 63 சதவீதத்துக்கு வந்தது. சந்தை இறங்கியது இரண்டு சதவீதம்கூட இல்லை. தாழ்விலிருந்து இவ்வளவு ஏறிய பங்குகள் என்று பட்டியல் எடுத்து வாங்குபவர்களை இந்த நகர்வு ஏமாற்றிவிடும்.

போனஸ், பங்குப் பிரிப்பு போன்றவற்றில் வரும் குழப்பம் சிறியது, ஆனால் அடிக்கடி நடப்பது. ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்ததும் விலை ஏறத்தாழப் பாதியாகும். பழைய உச்சத்தையும் பாதியாக்காத திரையில் பங்கு 50 சதவீதம் சரிந்ததாகத் தெரியும்.

எனவே சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் நான் உச்சமும் தாழ்வும் எந்தத் தேதியில் வந்தவை என்று பார்ப்பேன். தாழ்வு ஓராண்டை நெருங்கிவிட்டிருந்தால் அந்த எண் சீக்கிரம் மாறப்போகிறது. பிறகு அதே நாளில் நிஃப்டி தன் உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் கீழே என்று ஒப்பிட வேண்டும். நிஃப்டி 12 சதவீதம் இறங்கியிருக்கும்போது ஒரு பங்கு 4 சதவீதம் மட்டுமே இறங்கியிருந்தால் அதில் வலு உண்டு என்று ஊகிக்கலாம். நிஃப்டி உச்சத்திலேயே நிற்கும்போது பங்கு 40 சதவீதம் கீழே கிடந்தால், வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் கடைசி நான்கு காலாண்டுக் கணக்குகளைத் திறந்து படிக்காமல் இருக்கக் கூடாது.