அனுப்பக் காசு, சேர்க்கப் பொறுப்பில்லை

வாட்ஸ்அப் முடங்கும் ஒவ்வொரு முறையும் எஸ்எம்எஸ்ஸுக்கு ஆதரவாக ஒரு குரல் எழுகிறது: இணையம் வேண்டாம், செயலி வேண்டாம், சாதாரண போனுக்கும் போகும் என்று. உள்நாட்டைப் பொறுத்தவரை இது சரி. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது எஸ்எம்எஸ்ஸின் அருமை தெரிந்தது. ஆனால் வெளிநாட்டு எண்ணுக்கும் அதையே பரிந்துரைப்பதை ஏற்க முடியாது.

விலையைப் பார்ப்போம். செய்தியைப் பெற்றுச் சேர்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பும் நிறுவனம் ஒரு கட்டணம் தர வேண்டும். இந்தியாவுக்குள் அதை 2013இல் டிராய் 2 பைசாவாக நிர்ணயித்தது. வெளிநாட்டு நிறுவனம் கேட்கும் தொகை டிராயின் கைக்கு அப்பாற்பட்டது. இடைத்தரகு நிறுவனங்களின் பங்கும் அதோடு சேரும். அதனால்தான் தினம் 100 இலவச எஸ்எம்எஸ் தரும் திட்டத்திலும் வெளிநாட்டுச் செய்திக்குத் தனிக் கட்டணம். ஒன்றுக்கு 5 ரூபாய் என்பது பரவலான விலை.

தமிழில் எழுதினால் இந்தச் சுமை கூடுகிறது. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழுக்கு 70 இடம்தான். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனி இடம். ‘அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். பயப்பட வேண்டாம். நாளை காலை பேசு.’ இது 76 இடம். இரண்டாக உடைந்து போகும். 10 ரூபாய் ஆகும்.

காசு போனால் போகட்டும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே என் நெடுநாள் கேள்வி. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பும்போது திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தால், நம் நிறுவனத்தின் செய்தி மையம் அதை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். கட்டணமும் பொதுவாக அங்கேயே கழிந்துவிடும். அதன் பிறகு அந்த மையம், பெறுபவரின் போன் எந்த வலையமைப்பில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இரு நிறுவனங்களுக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லையென்றால் செய்தி இடைத்தரகர் வழியே சுற்றிப் போகும். அங்குள்ள மோசடித் தடுப்பு வடிகட்டி சந்தேகப்பட்டால் சத்தமில்லாமல் தள்ளிவிடும். சேர்ந்ததாக வரும் அறிக்கையையும் முழுதாக நம்ப முடியாது; சில வழிகளில் அதை இடையில் இருப்பவரே அனுப்பிவிடுகிறார். தொலைந்த செய்திக்கு யாரும் பதில் சொல்வதில்லை, பணமும் திரும்புவதில்லை. இதை நம்பகமான சேவை என்பது அனுப்புபவருக்கு இழைக்கும் அநீதி.

வாட்ஸ்அப்பில் ஒரு டிக் வந்தால் செய்தி நம் போனிலிருந்து புறப்பட்டுவிட்டது. இரண்டு டிக் வந்தால் பெறுபவரின் போனுக்கோ அதோடு இணைந்த கருவிக்கோ போய்விட்டது. ஒற்றை டிக்கிலேயே நின்றால் உடனே வேறு வழி தேடலாம். இரு பக்கமும் இணையம் இருந்தால் செயலிதான் மேல்.

பெறுபவரிடம் இணையமே இல்லாதபோது மட்டும் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எண்ணை + குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து எழுதுங்கள்; உள்ளூர் எண்ணின் முன்னுள்ள பூஜ்யத்தைப் பெரும்பாலான நாடுகளுக்கு விட்டுவிட வேண்டும். அவசரச் செய்தியென்றால் பதில் வரும்வரை அது சேர்ந்ததாக எண்ணாதீர்கள், அழைத்துப் பேசிவிடுங்கள்.