36 படங்கள், ஓர் உருண்டை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இயங்கும் ஆர்ட்மன் ஸ்டுடியோ 2010இல் 'டாட்' என்றொரு குறும்படத்தை எடுத்தது. அதன் நாயகி 9 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு சிறுமி. படம்பிடித்த கருவி நோக்கியா என்8 கைப்பேசி. அதன் லென்ஸுக்கு முன்னால் ஒரு நுண்ணோக்கிப் பாகத்தைப் பொருத்தியிருந்தார்கள். நகத்தில் நிற்கக்கூடிய ஒரு பொம்மை, தன் பின்னால் நூல் நூலாகப் பிரிந்துவரும் உலகத்திலிருந்து தப்பி ஓடுகிறது. பார்ப்பவர் கண் அந்த ஓட்டத்தில் சொக்கிப்போகிறது. ஆனால் அந்த ஓட்டத்தை ரசிக்க முடிவதற்குக் காரணம், அவளைச் சுற்றி அசையக் கூடாத எதுவும் அசையவில்லை என்பதுதான். அந்த அளவில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே காட்சி குலுங்கிவிடும். ஸ்டாப் மோஷன் என்பது பொருளை அசைக்கும் கலை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். என் கணிப்பு வேறு. எது மாற வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுத்தோமோ அதைத் தவிர மற்ற எதையும் மாறவிடாமல் காப்பதே இந்தக் கலையின் பெரும்பகுதி. கைப்பேசியில் எடுப்பவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் கைப்பேசி கேட்காமலேயே பலவற்றை மாற்றிக்கொள்ளும் கருவி.

மிக எளிய காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு களிமண் உருண்டை மேசைமேல் உருண்டு வருகிறது, ஒரு டம்ளருக்கு முன்னால் வந்து நிற்கிறது, தயங்குகிறது, கொஞ்சம் பின்வாங்குகிறது. மொத்தம் 3 விநாடி. திரைப்படம் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி, 12 நிலைகளில் ஒரு விநாடியை முடிப்பது பழைய வழக்கம். ஆகவே நமக்கு வேண்டியது 36 படங்கள். உருண்டு வருவதற்கு 18, தயக்கத்துக்கு 6, பின்வாங்க 4, கடைசியில் அசையாமல் நிற்க 8. உருள வேண்டிய தூரம் 36 சென்டிமீட்டர் என்றால், படத்துக்கு 2 சென்டிமீட்டர் என்று சமமாகப் பங்கிடத் தோன்றும். அப்படிச் செய்தால் உருண்டை இயந்திரப் பட்டையில் வைத்த சாமான்போல நகர்ந்து, சட்டென்று நின்றுவிடும். முதல் 6 படங்களுக்கு 3 சென்டிமீட்டர், அடுத்த 6க்கு 2, கடைசி 6க்கு 1 என்று குறைத்துக்கொண்டே வந்தால் தூரம் அதேதான். ஆனால் இப்போது உருண்டைக்கு எடை வந்துவிடுகிறது. உருண்டையின் சுற்றளவு ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். எனவே 3 சென்டிமீட்டர் நகர்த்தும்போது அதைக் கிட்டத்தட்டக் கால் சுற்றும் திருப்ப வேண்டும். அதற்காகவே உருண்டையில் ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்லது. திருப்ப மறந்தால் உருண்டை உருளாது, வழுக்கும்; பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பொய் என்பது தெரிந்துவிடும்.

12 ஏன், 24 படங்கள் எடுத்தால் இன்னும் வழவழப்பாக இருக்காதா என்று கேட்கலாம். மிகத் தேர்ந்த கைக்கு இருக்கும். மற்றவர்க்கு நேர்மாறாகவே நடக்கும். கையால் வைக்கும்போது 1 மில்லிமீட்டர் பிசகு இயல்பு. 1 சென்டிமீட்டர் அடியில் அது பத்தில் ஒரு பங்கு; 24க்குப் போனால் அடி அரை சென்டிமீட்டராகச் சுருங்க, அதே பிசகு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். படங்கள் கூடக்கூட நடுக்கமும் கூடும்.

இனி வெளிச்சம். ஜன்னலோர வெயிலைவிட அழகான ஒளி உண்டா என்றால், ஒற்றைப் புகைப்படத்துக்கு இல்லை. ஆனால் உருண்டையை அளந்து நகர்த்தி, திருப்பி, கையை விலக்கிப் படமெடுத்து முடிக்க 36 படங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் பூமி 15 பாகை சுழன்றிருக்கும். டம்ளரின் நிழல் மேசைமேல் மெல்ல ஊர்ந்தது, படத்தில் 3 விநாடிக்குள் ஓடிப்போகும். இடையில் வந்த ஒரு மேகம் ஒரு கண்சிமிட்டலாகும். 3,600 விநாடியை 3 விநாடியாக மடக்கும்போது, அன்றாட வாழ்வில் கண்ணுக்கே தெரியாத மாற்றம் 1,200 மடங்கு வேகத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் திரைச்சீலையை மூடிவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கில் எடுக்க வேண்டும். எடுப்பவரின் வெள்ளைச் சட்டைகூட ஒரு விளக்குதான். அது மேசைமேல் ஒளியைத் திருப்பி வீசும். கருநிற உடை அணிந்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று பொத்தானை அழுத்துவது ஸ்டுடியோக்காரர்கள் பழகிய ஒழுங்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்திவைத்தால் பட்டை பட்டையான கருமை விழாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கைப்பேசியின் தானியங்கி எக்ஸ்போஷரையும் வண்ணச் சமநிலையையும் பூட்டிவிடுவது. பூட்டாவிட்டால் ஒரு சிவப்பு உருண்டை சட்டகத்துக்குள் நுழைந்ததும் கைப்பேசி மேசையின் நிறத்தையே மறு கணக்குப் போடும். உருண்டை நகர, சுவர் நிறம் மாறும். நாம் தேர்ந்தெடுக்காத மாற்றம் அது.

பொருளின் நகர்வு, வெளிச்சம், கேமரா அசையாமை ஆகிய மூன்றில் எளிதில் ஏமாற்றுவது கடைசியானதுதான். 50 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் கைப்பேசி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தால், மேசைமேல் அது காணும் இடம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். திரையின் அகலத்தில் 60 சென்டிமீட்டர் மேசை தெரிகிறது, காணொளி 1920 பிக்சல் அகலம் என்று கொண்டால், அது 3 பிக்சல் துள்ளல். ஒரு புகைப்படத்தில் யாரும் காணமாட்டார்கள். ஓடும் படத்தில் உலகமே துள்ளும். திரையை விரலால் தொடுவதே இந்தச் சாய்வுக்குப் போதும். இயர்போனின் ஒலிப் பொத்தானில் ஷட்டர் இயங்கும் கைப்பேசியென்றால் அதைப் பயன்படுத்தலாம், இல்லையேல் 2 விநாடி டைமர். சார்ஜர் ஒயர் தொங்கி இழுக்கக் கூடாது. அழைப்பு வந்து அதிர்ந்துவிடாதபடி விமானப் பயன்முறை வேண்டும். ஸ்டாண்டின் கால்களை டேப்பால் ஒட்டி, மேசைக்காலையும் தரையோடு ஒட்டிவிடுவது மிகையல்ல. மேசையில் சாய்ந்துகொள்வது மனித சுபாவம்.

மென்பொருளால் பின்னர் சரிசெய்துகொள்ளலாமே என்ற வாதத்துக்குப் பாதி இடம் கொடுக்கலாம். வலமோ இடமோ நகர்ந்த படத்தை இழுத்துப் பொருத்தலாம். ஏறி இறங்கும் பிரகாசத்தைச் சமன் செய்யலாம். ஆனால் கேமரா இருந்த இடமே மாறிவிட்டால் டம்ளருக்குப் பின்னால் தெரியும் பொருள்களின் உறவு மாறிவிடும். நிழலின் திசை மாறினாலும் அப்படியே. இவற்றை எந்தச் சமனும் மீட்காது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. 1933இன் 'கிங் காங்' படத்தில் பொம்மையை அசைத்த வில்லிஸ் ஓ பிரையனின் விரல்பட்ட இடமெல்லாம் பொம்மைக் குரங்கின் ரோமம் சிலிர்த்து அலைபாய்கிறது. ஆர்ட்மனின் களிமண் பொம்மைகளான வாலஸ், க்ரோமிட் முகங்களில் விரல்ரேகை தெரிகிறது. வெஸ் ஆண்டர்சன் 2009இல் 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்' எடுத்தபோது அந்த ரோமச் சிலிர்ப்பை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். பிசகே இந்தக் கலையின் உயிர் என்றால் இத்தனை இறுக்கம் எதற்கு? அந்தப் பிசகுகள் எங்கே நிகழ்கின்றன என்று பாருங்கள். கை தொட்ட பொருளின்மேல் மட்டும். அங்கே தெரிவது ஒரு மனிதர் இருந்ததன் தடயம். குரங்கின் ரோமத்தோடு சுவரும் வெளிச்சமும் சேர்ந்து நடுங்கியிருந்தால் அந்தத் தடயம் இரைச்சலில் கரைந்து போயிருக்கும். களிமண் உருண்டையில் உங்கள் விரல்ரேகை படட்டும், அதைத் தேய்த்து அழிக்க வேண்டாம்.

முதல் 10 படங்கள் எடுத்ததும் நிறுத்தி, ஓட்டிப் பாருங்கள். உருண்டையைப் பார்க்க வேண்டாம். டம்ளரையும் அதன் நிழலையும் பாருங்கள். அவை அசைந்தால், 36ஐயும் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தொடராதீர்கள். பத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.