பித்தளை உறையின் மீள்திறன்

தோட்டா உறைக்குப் பித்தளையே சிறந்தது என்பவர்கள், அது மென்மையான உலோகம் என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. வெடிமருந்து எரியும்போது துப்பாக்கி அறைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 3,000 மடங்கைத் தாண்டுகிறது. அந்த அழுத்தத்தில் உறையின் மெல்லிய சுவர் விரிந்து அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்வதால், வாயு பின்பக்கம் கசிய வழியில்லை. இதற்கு மென்மை போதும். ஆனால் குண்டு வெளியேறியதும் அதே சுவர் அறையை விட்டு விலக வேண்டும். இல்லையேல் உறை சிக்கிக்கொள்ளும். அங்கே தேவைப்படுவது மீளும் திறன். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையைவிட எஃகு ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பானது. இரண்டின் வலிமையும் சமம் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளை உறை 0.036 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். எஃகு உறை 0.02 மட்டுமே சுருங்கும். விரிந்த அறையும் சுருங்கி வந்து உறையை நெருக்குவதால், இந்த நூலிழை வித்தியாசமே உறை உருவுமா, சிக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் கலாஷ்னிகோவ் துப்பாக்கிகள் எஃகு உறையைச் சுட்டும் சிக்குவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தத் தோட்டா அடியிலிருந்து முனைவரை நன்றாகக் கூம்பியிருக்கிறது. சற்றே பின்னுக்கு இழுத்தாலே சுவரை விட்டு விலகிவிடும். எஃகின் குறையை வடிவம் ஈடுகட்டுகிறது. கூம்பல் குறைந்த 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அந்த வசதி இல்லை. எஃகுக் கழுத்து தாமதமாக விரிவதால் முதல் கணத்தில் புகை பின்னோக்கி நழுவி அறையில் கரியாகப் படிகிறது. சுட்ட உறையின் பக்கவாட்டில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அதுதான் அடையாளம். இருந்தும் இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு கண்ட ஜெர்மனி, அரக்குப் பூசிய எஃகு உறைகளைப் பெருமளவில் செய்தது. போர்க்களத்தில் உறையைப் பொறுக்க யாரும் வரப்போவதில்லை; அங்கே அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

பயிற்சிக் களத்தில் கணக்கு மாறுகிறது. சுட்ட பித்தளை உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு சுற்றிலும் அது இறுகி, கழுத்து வெடிக்கும் நிலைக்கு வந்தாலும், கழுத்தை மட்டும் சூடாக்கினால் இளகிவிடும். அடிப்பகுதி இளகக் கூடாது. அழுத்தத்தின் பெருஞ்சுமை அதன் மேல்தான். இந்த மறுவாழ்வு முடிவற்றதல்ல. அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தோன்றினால், உள்ளே சுவர் மெலிந்து உறை இரண்டாகப் பிரியப்போகிறது என்று பொருள். இன்னொரு பலவீனம் இந்தியாவில்தான் பெயர்பெற்றது. ஆங்கிலேயப் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் சுடாமலே வெடிப்புவிட்டன. குதிரை லாயத்து அம்மோனியாவும், அழுத்தி இழுத்து உருவாக்கியபோது பித்தளையில் தங்கிய இழுவிசையும் சேர்ந்தே அதைச் செய்தன என்பது 1921இல் விளக்கப்பட்டது. மிதமாகச் சூடாக்கி அந்த இழுவிசையைப் போக்குவதே அதற்கு மருந்து.